கோட்டுக்கு இரண்டு நுனி

ஒரு பள்ளியின் அறிவியல் நாளில் பேசுவதற்கு எனக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். எதிரே தொடக்கநிலை ஐந்திலும் ஆறிலும் படிக்கும் பிள்ளைகள். திரையில் படம் காட்ட ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோனதோ ஒரு நூல் உருண்டை, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் சோக்கட்டி. இந்த அத்தியாயம் அன்று பேசியதை ஒட்டி எழுதியது. மேடையில் அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"கிராஃப் என்றால் என்ன?" என்று முதலில் கேட்டேன். முன்வரிசையில் ஒரு பையன் காற்றில் இரண்டு கோடு போட்டுக் காட்டினான். ஒன்று படுக்கை, ஒன்று செங்குத்து. அது தவறில்லை. வெப்பம் ஏறுவதையும் விலை இறங்குவதையும் காட்டும் வரைபடத்துக்கும் கிராஃப் என்றுதான் பெயர். அதே பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தமிழில் கோட்டுரு என்கிறோம். அதற்கு அச்சும் கிடையாது, அளவும் கிடையாது. சில புள்ளிகள், சில கோடுகள், அவ்வளவுதான். எந்தெந்தப் புள்ளிகளுக்கு இடையே கோடு இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. கோடு வளைந்திருந்தாலும் நீண்டிருந்தாலும் ஒன்றுதான். எம்ஆர்டி வரைபடத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. அந்தப் படத்தில் இரண்டு நிலையங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்தால் ஒன்றும் கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரியும்.

எட்டுப் பேரை மேடைக்கு அழைத்தேன். "ஐந்து நிமிடம் தருகிறேன். உங்களுக்குள் விரும்பியவர்களோடு கைகுலுக்குங்கள். ஒருவரோடு ஒரு தடவைதான். எல்லாரோடும் குலுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முடிந்ததும், நீங்கள் எத்தனை பேரோடு குலுக்கினீர்கள் என்று இந்தத் தாளில் எழுதுங்கள்." நான் திரும்பி நின்றுகொண்டேன். ஐந்து நிமிடம் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பிறகு எட்டுத் தாளும் என் கைக்கு வந்தன: 5, 4, 4, 3, 3, 3, 3, 2.

கூட்டிப் பார்த்தேன். 27 வந்தது. "உங்களில் யாரோ தவறாக எண்ணியிருக்கிறீர்கள்" என்றேன்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் திரும்பி நின்றது எல்லாருக்கும் தெரியும். பார்க்காதவர் எப்படிச் சொல்ல முடியும்?

அதற்குத்தான் நூல் உருண்டை. நூலை ஒரு முழம் ஒரு முழமாக வெட்டினேன். "இப்போது மறுபடி குலுக்குங்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு துண்டு நூல். ஒரு நுனி உங்களிடம், மறு நுனி அவரிடம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் மேடையில் ஒரு சிலந்திவலை உருவாகிவிட்டது. அந்த வலைதான் கோட்டுரு. பிள்ளைகள் புள்ளி, நூல் கோடு. ஒவ்வொருவரும் தன் கையில் இருக்கும் நுனிகளை எண்ணிச் சொன்னால், அதுதான் அவர் குலுக்கிய எண்ணிக்கை. எட்டுப் பேர் கையிலும் உள்ள நுனிகளை எல்லாம் கூட்டினால், மேடையில் இருக்கும் மொத்த நுனிகள் கிடைக்கும். நூலுக்கு இரண்டு நுனி. ஆகவே மொத்தம், நூல்களின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு. அது இரட்டை எண்ணாகத்தான் இருக்க முடியும். 27 நுனி என்றால் பதின்மூன்றரை நூல், அதாவது ஒரு நூலுக்கு ஒரே ஒரு நுனி. அப்படி ஒரு நூலை உலகத்தில் யாரும் வெட்டியதில்லை.

நூல் பிடித்து எண்ணியபோது, 5 என்று எழுதிய பெண்ணின் கையில் நான்கு நுனிதான் இருந்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள். "மேடைக்கு ஏறும்போது தலைமை ஆசிரியருக்குக் கை கொடுத்தேன் சார், அதையும் சேர்த்துட்டேன்" என்றாள். அவள் பொய்யாக எண்ணவில்லை. அந்தக் குலுக்கலும் நடந்ததுதான். ஆனால் அதன் மறு நுனி நம் எட்டுப் பேருக்கு வெளியே இருந்தது. அதை எடுத்துவிட்டால் 26 நுனி, 13 நூல்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொன்னேன். மொத்தம் ஒற்றை எண்ணாக வந்தால் தவறு நிச்சயம். ஆனால் இரட்டை எண்ணாக வந்தால் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று கூடுதலாக எழுதியிருந்தால் 28 வரும், எனக்குச் சந்தேகமே வராது. தவறு இருக்கிறது என்று இந்தச் சோதனை சில வேளை சொல்லும். யார் செய்தது என்று ஒருபோதும் சொல்லாது.

இன்னொன்றையும் அந்தத் தாள்களிலேயே பார்க்கலாம். ஒற்றை எண் எழுதியவர்களை மட்டும் எண்ணுங்கள். முதலில் 5, 3, 3, 3, 3 என்று ஐந்து பேர். திருத்திய பிறகு 3, 3, 3, 3 என்று நான்கு பேர். எந்தக் கோட்டுருவிலும் ஒற்றைப் புள்ளிகள் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒற்றை எண்களை ஒற்றைப்படைத் தடவை கூட்டினால் மொத்தம் ஒற்றையாகிவிடும், அதற்கு நுனிகள் இடம் தராது. 25 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் சரியாக மூன்று நண்பர்கள் என்று யாராவது எழுதினால், அந்த வகுப்புக்குப் போகாமலே மறுக்கலாம். 25 பேருக்கு மும்மூன்று என்றால் 75 நுனி. ஒற்றைப் புள்ளிகள் இரட்டைப்படையாகவே வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தேக்காவில் நடக்கும்போது அது வேண்டியிருக்கும்.

நண்பர்கள் என்றதும் பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டாள். "என்னோட தோழிங்களுக்கு எல்லாம் என்னைவிட நிறைய தோழிங்க இருக்காங்க. அது ஏன் சார்?"

கணக்குக் கேள்வியைப் போலத் தெரியாது. ஆனால் கணக்குதான். 1991-இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் இதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். கரும்பலகையில் ஐந்து புள்ளி வைத்தேன். நடுவில் ஒருத்தி, அவளுக்கு மற்ற நான்கு பேரும் தோழிகள். அந்த நான்கு பேரில் இருவர் மட்டும் தங்களுக்குள்ளும் தோழிகள். கோடுகள் ஐந்து. ஆகவே நுனிகள் பத்து. நடுவில் இருப்பவளுக்கு 4, தங்களுக்குள் தோழிகளான இருவருக்கும் இரண்டிரண்டு, மீதி இருவருக்கும் ஒன்றொன்று. சராசரி 2.

இப்போது ஒவ்வொருத்தியாகத் தன் தோழிகளைத் திரும்பிப் பார்க்கட்டும். ஒரே தோழி உள்ளவள் பார்த்தால், அந்தத் தோழிக்கு நான்கு பேர். இரண்டு தோழிகள் உள்ளவள் பார்த்தால், ஒருத்திக்கு நான்கு, இன்னொருத்திக்கு இரண்டு, சராசரி மூன்று. ஐந்து பேரில் நான்கு பேருக்கு, "என் தோழிகளுக்கு என்னைவிட அதிகம்" என்றே தோன்றும். நடுவில் இருப்பவளுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றாது. இதில் யாரிடமும் குறை இல்லை. காரணம் நுனிகளில் இருக்கிறது. நிறையத் தோழிகள் உள்ளவள் நிறைய நூல்களின் மறு நுனியில் நிற்கிறாள். ஆகவே நிறையப் பேர் திரும்பிப் பார்க்கும்போது அவளே தெரிகிறாள். ஒரே ஒரு நூல் பிடித்திருப்பவளை ஒரே ஒருத்திதான் பார்க்கிறாள். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் தோழிகள் இருந்தாலொழிய இந்த ஏற்றத்தாழ்வு மறையாது. அந்தப் பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேரில் ஒருத்தியாகத் தன்னை எந்தப் புள்ளியில் வைப்பது என்று யோசிக்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

இனி தேக்கா. அங்கே போகாத பிள்ளை மண்டபத்தில் ஒருவரும் இல்லை. சிராங்கூன் சாலையில் தெற்கிலிருந்து வடக்காக நடந்தால் வலப்பக்கம் வரிசையாக கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட், அப்பர் டிக்சன் ரோடு. இந்த மூன்றும் உள்ளே போய் கிளைவ் ஸ்திரீட்டைத் தொடுகின்றன. கேம்பல் லேனும் கிளைவ் ஸ்திரீட்டும் சேரும் முக்கில்தான் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. இந்தத் துண்டை மட்டும் பலகையில் வரைந்தேன். சிராங்கூன் பக்கம் மூன்று முக்கு, கிளைவ் பக்கம் மூன்று முக்கு, ஆக ஆறு புள்ளி. குறுக்கே மூன்று தெரு, சிராங்கூன் சாலையில் இரண்டு துண்டு, கிளைவில் இரண்டு துண்டு, ஆக ஏழு கோடு. இரண்டு கால் நட்டு மூன்று படி வைத்த ஏணி மாதிரி இருக்கும்.

"ஏழு துண்டிலும் நடக்க வேண்டும். எந்தத் துண்டிலும் இரண்டாம் தடவை கால் வைக்கக் கூடாது. முடியுமா?"

ஒரு பையன் ஓடி வந்து சோக்கட்டியை வாங்கிக்கொண்டான். பூமாலைக் கடைகள் இருக்கும் கேம்பல் லேன் முக்கிலிருந்து சிராங்கூன் சாலையில் மேலே போனான். டன்லப் முக்கைத் தாண்டி அப்பர் டிக்சன் வரை போய், வலப்பக்கம் திரும்பி, கிளைவில் கீழே இறங்கி, கேம்பல் லேன் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றான். ஆறு துண்டு முடிந்தது. டன்லப் ஸ்திரீட் மட்டும் நடுவில் மிச்சம். அவன் நிற்கும் முக்கிலோ நடக்காத துண்டு எதுவும் இல்லை. இன்னொரு பெண் அதே முக்கிலிருந்து வேறு வழியாகப் போனாள். அவளுக்கும் ஒரு துண்டு மிஞ்சியது.

அவர்கள் திறமைக் குறைவால் மாட்டிக்கொள்ளவில்லை. தொடங்கிய இடம் அப்படி. ஒரு முக்கைக் கடந்து போகிறோம் என்றால், ஒரு தெருவின் நுனியில் உள்ளே வந்து, இன்னொரு தெருவின் நுனியில் வெளியே போகிறோம். ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் இரண்டு நுனி தீர்கிறது. ஆகவே வெறுமனே கடந்து மட்டும் போகும் முக்கில் நுனிகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மூன்று நுனி உள்ள முக்கில் இரண்டு நுனி ஜோடியாகத் தீர்ந்த பிறகு ஒன்று தனித்து நிற்கும். அந்த ஒன்றுக்கு இரண்டே வழி. நடை அங்கே தொடங்க வேண்டும், அல்லது அங்கே முடிய வேண்டும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. ஆகவே ஒற்றை முக்குகள் இரண்டுக்கு மேல் இருந்தால் எப்படி நடந்தாலும் முடியாது. ஒற்றைப் புள்ளிகள் இரட்டைப்படையாகவே வரும் என்பதால் ஒன்றே ஒன்று என்ற பேச்சுக்கும் இடமில்லை.

நம் ஏணியில் எண்ணிப் பாருங்கள். நான்கு ஓர முக்கிலும் இரண்டிரண்டு நுனி. டன்லப் ஸ்திரீட்டின் இரு பக்க முக்கிலும் மும்மூன்று. ஒற்றை முக்கு இரண்டே இரண்டு. அப்படியானால் டன்லப்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறு பக்கத்தில் முடிக்க வேண்டும். சிராங்கூன் சாலை டன்லப் முக்கில் புறப்படுங்கள். கீழே இறங்கி கேம்பல் லேனுக்குள் நுழையுங்கள். கிளைவில் இடப்பக்கம் திரும்பி மேலே வந்து, டன்லப் வழியாகப் புறப்பட்ட முக்குக்கே வாருங்கள். அங்கிருந்து சிராங்கூன் சாலையில் மேலே போய், அப்பர் டிக்சன் வழியாக உள்ளே நுழைந்து, கிளைவில் இறங்குங்கள். டன்லப்பும் கிளைவும் சேரும் முக்கில் நிற்பீர்கள். ஏழு துண்டும் முடிந்திருக்கும். மூன்றாவதாக வந்த பிள்ளை இதை வரைந்து முடித்ததும் மண்டபமே கை தட்டியது.

இந்தக் கணக்கை முதலில் பார்த்தவர் லெயோன்ஹார்ட் ஆய்லர். அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில், இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராத், ஓர் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள் இருந்தன. ஏழையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்பது ஊர் கேட்ட கேள்வி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கல்விக்கழகத்தில் 1735-இல் ஆய்லர் விடை சொன்னார். ஆற்றால் பிரிந்த நான்கு நிலத்துண்டுகளில் ஒன்றில் ஐந்து பாலத்தின் நுனிகள், மற்ற மூன்றில் மும்மூன்று. நான்குமே ஒற்றை. ஆகவே முடியாது. புத்தகங்களில் இதற்கு நான்கு புள்ளியும் ஏழு கோடுமாக ஒரு படம் இருக்கும். ஆய்லர் அப்படி ஒரு படம் வரையவே இல்லை. நிலங்களுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு எண்ணினார். புள்ளியும் கோடும் போடும் வழக்கம் அதற்கு நூறு ஆண்டுக்கும் மேலான பிறகுதான் இந்தக் கணக்குக்கு வந்தது.

ஆய்லர் விட்டுவைத்த பாதியும் ஒன்று உண்டு. ஒற்றை முக்குகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது என்பதை அவர் தெளிவாகக் காட்டினார். இரண்டு அல்லது சுழியமாக இருந்து, எல்லாத் தெருவும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் கண்டிப்பாக முடியும் என்பதற்கான முழு நிரூபணம், ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ஹீர்ஹோல்ட்சர் இறந்த பிறகு 1873-இல் அவர் பெயரில் வெளிவந்தது. அவர் வழி எளிது. எங்காவது ஒரு சுற்று நடந்து வாருங்கள். நடக்காத தெரு மிஞ்சினால், நடந்த பாதையில் அந்தத் தெரு தொடங்கும் முக்கில் நின்று இன்னொரு சுற்று நடந்து, அதை முதல் சுற்றுக்குள் செருகிவிடுங்கள். எதுவும் மிஞ்சாத வரை இதையே செய்யுங்கள்.

"எல்லாத் தெருவும் நடந்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்றால்?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். தபால்காரருக்கு அதுதான் தேவை. அப்போது ஒற்றை முக்கே இருக்கக் கூடாது. நம் ஏணியில் இரண்டு இருக்கின்றன. வழி ஒன்றுதான், ஏதாவது ஒரு தெருவில் இரண்டாம் தடவை நடக்க வேண்டும். எந்தத் தெருவில்? ஒற்றை முக்குகள் இரண்டையும் நேராக இணைப்பது டன்லப் ஸ்திரீட். அதன் மேல் இன்னொரு கோடு போட்டால் இரண்டு முக்கிலும் நுனி நான்காகிவிடும். ஏழு துண்டுக்குப் பதில் எட்டுத் துண்டு நடை, அதற்குக் குறைவாக முடியாது. ஒற்றை முக்குகளைக் குறைந்த தூரத்தில் ஜோடி சேர்ப்பதாகவே இந்தத் தபால்காரர் கணக்கை 1960-இல் அணுகியவர் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு. அதனால்தான் உலகம் முழுவதும் இதைச் சீனத் தபால்காரர் கணக்கு என்கிறார்கள்.

இதற்குள் முன்வரிசைப் பையன் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டான். "டன்லப் ஸ்திரீட் கிளைவோட நிக்காது சார். அதுக்கு அப்புறமும் போகும். பள்ளிவாசல் அங்கதான் இருக்கு." சரியாகச் சொன்னான். அப்துல் கஃபூர் பள்ளிவாசல் வரை ஒரு துண்டு கூட்டிக்கொள்வோம். இப்போது கிளைவ் முக்கில் நான்கு நுனி, இரட்டை. பள்ளிவாசல் முனையில் ஒரே நுனி, ஒற்றை. ஆக, ஒரு பக்கம் அப்படியே இருக்க, மறு பக்கம் மாறிவிட்டது. சிராங்கூன் சாலை டன்லப் முக்கில் புறப்பட்டுப் பள்ளிவாசலில் முடிக்க வேண்டும். வரைபடத்தை எங்கே வெட்டுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். தலைமை ஆசிரியருக்குக் கொடுத்த கைகுலுக்கலைப் போலத்தான், எந்த நுனி உள்ளே, எந்த நுனி வெளியே என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இது நடப்பவர்களின் கோட்டுரு. பேருந்துக்கு இது பொருந்தாது. கேம்பல் லேனில் அந்தத் துண்டு நடப்பவர்களுக்கு மட்டும். சிராங்கூன் சாலை தேக்கா பகுதியில் ஒருவழிப்பாதை, வண்டிகள் வடக்கே மட்டும் போகும். திரும்பி வரும் பேருந்துகள் கிழக்கே இருக்கும் ஜாலான் புசார் வழியாகத் தெற்கே வருகின்றன. நடப்பவரின் கோட்டுக்கு இரண்டு நுனியும் ஒன்றுதான். பேருந்தின் கோட்டில் ஒரு நுனி வால், ஒரு நுனி தலை. அம்புக்குறி போட்டே ஆக வேண்டும்.

அம்புக்குறி வந்ததும் புதிய கேள்வி ஒன்று பிறக்கிறது. எல்லாத் தெருவையும் ஒருவழியாக்கினால், எங்கிருந்தும் எங்கும் போய்ச்சேர முடியுமா? ஹெர்பர்ட் ராபின்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1939-இல் இதற்கு விடை எழுதினார். வார நாட்களில் ஏதாவது ஒரு தெருவைப் பழுது பார்க்க மூடுகிறார்கள், வார இறுதியில் எல்லாத் தெருவையும் ஒருவழியாக்குகிறார்கள் என்று ஓர் ஊரைக் கற்பனை செய்துகொண்டார். இரண்டும் ஒரே கேள்விதான் என்று காட்டினார். எந்த ஒரு தெருவை மூடினாலும் ஊர் இரண்டாகப் பிரியாது என்றால், எல்லாத் தெருவுக்கும் திசை கொடுத்தும் எங்கிருந்தும் எங்கும் போக முடியும். அப்படிப் பிரிக்கும் தெரு ஒன்றாவது இருந்தால் முடியாது. அந்தத் தெருவுக்குப் பாலம் என்று பெயர், கீழே தண்ணீர் இல்லாவிட்டாலும். பாலத்துக்கு அம்புக்குறி போட்டால் ஒரு பக்கத்துக்காரர்கள் போய்விட்டுத் திரும்ப முடியாது.

நம் ஏணியிலேயே பார்க்கலாம். கேம்பல் லேன் படியை வண்டிகளுக்காக அழித்துவிடுங்கள். கேம்பல் முக்குக்கும் டன்லப் முக்குக்கும் இடையே சிராங்கூன் சாலைத் துண்டு இப்போது ஒரு பாலம். அதை மூடினால் கேம்பல் முக்கு தனித்து விடப்படும். அந்தத் துண்டோ வடக்கு நோக்கிய ஒருவழி. ஏணிக்குள்ளேயே இருந்துகொண்டு எந்த வண்டியும் அந்த முக்குக்குத் திரும்ப முடியாது. நிஜத்தில் திரும்புகின்றன என்றால், ஏணிக்கு வெளியே ஜாலான் புசார் இருப்பதால்தான். வடக்கே போகும் சிராங்கூன் சாலையும் தெற்கே வரும் ஜாலான் புசாரும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். வளையத்தில் எந்த ஒரு துண்டும் பாலம் ஆகாது.

வளையத்துக்கு ஒரு விலை உண்டு. பத்து நிறுத்தம் உள்ள ஒருவழி வளையத்தில் ஒரு நிறுத்தம் தவறவிட்டு இறங்கினீர்கள் என்று வையுங்கள். நடந்தால் ஒரு துண்டு. பேருந்திலேயே திரும்ப வேண்டும் என்றால் ஒன்பது துண்டு. இருவழியாக இருந்தால் எந்த நிறுத்தத்துக்கும் ஐந்து துண்டுக்கு மேல் போக வேண்டியதில்லை. திசை கொடுத்த பிறகு மிகத் தொலைவான இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் எவ்வளவு கூடும், எப்படித் திசை கொடுத்தால் மிகக் குறைவாகக் கூடும் என்பது ராபின்ஸ் தொடாத கேள்வி. இதில் நீண்ட காலம் வேலை செய்தவர்களில் இருவர் சிங்கப்பூரில் பணியாற்றியவர்கள். ஒருவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கோ கீ மெங், இன்னொருவர் தேசியக் கல்விக் கழகத்தின் டே எங் குவான். தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கான கோட்டுருவியல் பாடநூலை எழுதியவர்களிலும் இந்த இருவர் உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் இந்த மண்டபத்துப் பிள்ளைகளில் சிலர் அதைத் திறப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் முடிந்து நூல்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலை நினைவுபடுத்திய பையன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பாட்டி போத்தோங் பாசிரில் இருக்கிறாராம். ரயிலில் ஏறி இறங்க முட்டி வலி என்பதால் வாராவாரம் பேருந்தில்தான் தேக்கா சந்தைக்குப் போவாராம்.

"பாட்டி ஜாலான் புசார்ல இறங்கி நடந்து போவாங்க சார். வரும்போது மட்டும் சந்தை வாசல்லயே ஏறுவாங்க. போகும்போதும் அங்கயே இறங்கினா என்னன்னு கேட்டுட்டே இருப்பேன். அவங்களுக்குச் சொல்லத் தெரியல."

"வரைந்து காட்டு" என்று சோக்கட்டியை நீட்டினேன்.

பலகையின் ஓரத்தில் போத்தோங் பாசிருக்கு ஒரு புள்ளி வைத்தான். அங்கிருந்து ஜாலான் புசாருக்கு ஒரு கோடு, அதன் தெற்கு நுனியில் ஓர் அம்பு. அங்கிருந்து சிராங்கூன் சாலைக்கு டன்லப் ஸ்திரீட், அதற்கு அம்பு போட வேண்டுமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அம்பு போடாமல் விட்டான். பிறகு சந்தைக்கு ஒரு புள்ளி, அங்கிருந்து மேலே போத்தோங் பாசிருக்கு ஒரு கோடு, வடக்கு நுனியில் அம்பு. வளையம் மூடிக்கொண்டது.

"காலிப் பையோட நடக்கறாங்க, கனமான பையோட நடக்கறதில்ல" என்றான்.

டன்லப் ஸ்திரீட் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பையை வரைந்துவிட்டு, சோக்கட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.